எட்டாம் வகுப்புப் பையன் பேண்ட்: இறக்கி விட்டா வெள்ளைக் கோடு தெரியுது, என்ன செய்யலாம்?

ஊசிக்காரன் (திண்டுக்கல்)

வணக்கம். என் கடையைச் சுத்தி நடக்கிற தூரத்துல நாலு ஸ்கூல். மே, ஜூன் ரெண்டு மாசம் யூனிஃபார்ம்தான் சோறு. இப்ப அரையாண்டு லீவு, ஜூன்ல தச்ச பேண்ட் எல்லாம் நீளம் இறக்க வருது. அதுல ஒண்ணு என்னைச் சங்கடத்துல விட்டுருச்சு.

எட்டாம் கிளாஸ் பையன். சாம்பல் கலர் சூட்டிங், டெரிகாட். ஜூன்ல சைடு நீளம் 36 இஞ்ச், இடுப்பு 26, கீழ் சுத்து 14. பையன் வளர்ற வயசுன்னு கீழ் மடிப்புல வழக்கமான ஒன்றரை இஞ்ச்சோட இன்னும் ரெண்டு இஞ்ச் சேர்த்து மூன்றரையா மடிச்சு மெஷின்ல அடிச்சேன். ஆறு மாசத்துல கணுக்கால் தெரியுற அளவுக்கு வளர்ந்துட்டான். பிரிச்சு ஒன்றரை இஞ்ச் இறக்கினேன். பழைய மடிப்பு இருந்த இடத்துல சாக்பீஸ்ல கோடு போட்ட மாதிரி வெள்ளையா ஒரு வளையம். அதுக்கு மேல பழைய தையல் ஓட்டை வரிசை வேற. கோட்டுக்குக் கீழ துணி புதுசு மாதிரி கறுத்து இருக்கு, மேல வெளுத்து இருக்கு. அந்தம்மா பேண்ட்டை வாங்கிப் பார்த்துட்டு, "இதுக்கு அவன் குட்டையாவே போட்டுக்கலாம்"னு சொல்லிட்டாங்க. கூலி 50 ரூபாயைத் திருப்பிக் குடுத்துட்டேன். பேண்ட் இன்னும் கடையிலதான் தொங்குது.

இது ஒண்ணு இல்ல, இன்னும் பதினெட்டு பேண்ட் வரிசையில இருக்கு. கோட்டை மறைக்க வழி இருக்கா? அடுத்த ஜூன்ல எவ்வளவு உள்ளே விடணும், எப்படி மடிக்கணும்?

பாபின்

அண்ணே, ஈஸி. வினிகர் வாங்குங்க, பாதிக்குப் பாதி தண்ணி கலந்து கோட்டு மேல தடவி, மேல ஈரத்துணி போட்டு நல்ல சூடா அயர்ன் பண்ணுங்க. கோடு போயிடும். நான் ஃபேன்ஸி சுடிதாருக்கு அப்படித்தான் செய்யுறேன், தையல் ஓட்டைகூட மூடிக்கும்.

ஊசிக்காரன் (திண்டுக்கல்)

செஞ்சு பார்த்தாச்சு தம்பி. மடிப்பு தட்டையாச்சு, ஓட்டையும் பாதி மூடுச்சு. வெள்ளை அப்படியே இருக்கு. ஈரமா இருக்கும்போது மறைஞ்ச மாதிரி இருந்துச்சு, காஞ்சதும் திரும்ப வந்துருச்சு.

மூணு பிள்ளை அம்மா

நீங்க எல்லாம் தையல்காரங்க பேசுறீங்க, நடுவுல கேட்கிறேன், தப்பா நினைக்காதீங்க. என் சின்னவளுக்கு ரெடிமேட் பினோஃபார்ம் ரெண்டு சைஸ் பெருசா வாங்கினா மூணு வருஷம் ஓட்டலாம்னு எங்க வீட்டுக்காரர் சொல்றார். தைக்கக் குடுத்தா வருஷா வருஷம் செலவு. பெருசா வாங்கி, பிடிச்சுக் குடுங்கன்னு உங்ககிட்ட கொண்டு வந்தா செய்வீங்களா?

மதுரை மாஸ்டர்

அம்மா, உங்களுக்கு அப்புறம் சொல்றேன், அது வேற கதை. முதல்ல திண்டுக்கல் தம்பிக்கு.

நான் கட்டிங் மேஜையில நின்னு நாற்பது வருஷம் ஆச்சு. தம்பி, நீங்க கோடு கோடுன்னு ஒண்ணாச் சொல்றீங்க, அதுல மூணு விஷயம் இருக்கு. ஒண்ணு மடிப்புத் தழும்பு, அயர்ன் சூட்டுல படிஞ்சது. வினிகர் கேட்கிறது அதுக்கு மட்டும்தான், பாபின் சொன்னது அந்த அளவுக்குச் சரி. ரெண்டாவது வெளுப்பு. வெயில்லயும் சோப்புலயும் வெளிப்பக்கம் மங்கும், உள்ளே மடிஞ்சு கிடந்த துணி மங்காது. இது கோடு இல்ல, ரெண்டு கலர் சந்திக்கிற எல்லை. நாலஞ்சு துவைப்புல கீழ்ப்பக்கமும் கொஞ்சம் மங்கி வித்தியாசம் குறையும். மூணாவதுதான் ஆளைக் கொல்றது, தேய்மானம். மடிப்போட விளிம்பு ஷூ மேல உரசுது, வாசப்படியில உரசுது. அதோட சேறு பட்டது அங்கேதான்னு வீட்டுல கல்லுல போட்டு பிரஷ்ஷால தேய்க்கிறாங்க. விளிம்புல இருக்கிற நூலோட மேல் இழை அறுந்து பஞ்சாயிடும். சாயம் ஏறின இழையே போனப்புறம் எந்த வினிகரும் அதைத் திரும்பக் கொண்டுவராது.

எதுன்னு கண்டுபிடிக்கிறது சுலபம். பேண்ட் காலுக்குள்ள கையை விட்டு ட்யூப்லைட்டுக்கு நேரா பிடிங்க. கோட்டு வழியா வெளிச்சம் ஊசி ஊசியா வந்தா தேஞ்சு போச்சு. அந்த இடத்துல புது மடிப்பு வரக் கூடாது, மூணே மாசத்துல கிழிஞ்சு தொங்கும். வெளிச்சம் வரலைன்னா வெறும் மங்கல்தான், துவைக்கத் துவைக்கச் சேர்ந்துக்கும்னு அம்மாகிட்ட தைரியமாச் சொல்லுங்க.

ஊசிக்காரன் (திண்டுக்கல்)

மாஸ்டர், இப்பதான் பிடிச்சுப் பார்த்தேன். பின்பக்கம் குதிகால்கிட்ட நாலு விரல் அகலத்துக்கு வெளிச்சம் வருது. முன்பக்கம் வரலை.

மதுரை மாஸ்டர்

அப்ப பின்பக்கம் தேய்மானம், முன்பக்கம் மங்கல். குதிகால்லதான் முதல்ல போகும். பேண்ட் நீளமா இருந்த ஜூன், ஜூலையில செருப்புக்கடியில மாட்டி மிதிச்சிருப்பான். அதாவது நீங்க நீளமா விட்ட நாள்ல விழுந்த தழும்பு, குட்டையான நாள்ல வெளிய வருது.

இந்த பேண்ட்டுக்கு ஒரே வழிதான். கோடு சரியா முனையில வர்ற மாதிரி உள்பக்கமா மடிச்சு, முனையில இருந்து ஒரு நூல், அதாவது அரைக்கால் இஞ்ச் தள்ளி சுத்திலும் மெல்லிசா ஒரு டக் பிடிங்க. கோடு டக்குக்குள்ள போயிடும். நீளத்துல கால் இஞ்ச் போகும், அதைக் கீழ் மடிப்புல இருந்து எடுத்துக்கலாம். டக்கைக் கீழ் நோக்கிப் படிய வச்சு அயர்ன் பண்ணுங்க. பார்க்கிறவனுக்கு ஒரு தையல் வரி தெரியும், வெள்ளை தெரியாது. குதிகால் பக்கம் உள்ளே அதே துணியில ஒரு சின்ன ஒட்டு வச்சுட்டு டக் பிடிங்க, இல்லைன்னா தேஞ்ச இடம் தையல்லயே பிய்ஞ்சிடும்.

பாபின்

டக் வச்சா ஸ்கூல்ல ஒத்துக்குவாங்களா? எங்க பக்கம் ஒரு ஸ்கூல்ல காஜா நூல் கலர் மாறினாலே டைரியில எழுதி அனுப்புறாங்க.

பி.இ.டி. வாத்தியார்

நான் தையல்காரன் இல்ல, உடற்கல்வி ஆசிரியர். மனைவி வீட்டுல தைக்கிறாங்க, அவங்க மூலமா இந்தப் பேச்சுக்கு வந்தேன். எவ்வளவு விடணும்னு கேட்டதுக்கு மட்டும் சொல்றேன்.

வருஷா வருஷம் பிள்ளைங்க உயரம் நான்தான் எடுக்கிறேன். அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் பெரும்பாலும் வருஷத்துக்கு ரெண்டு இஞ்ச், கொஞ்சம் கூடக் குறைய. அதுக்கப்புறம் கணக்கு மாறுது. பொண்ணுங்க 11, 12 வயசுல சட்டுனு வளருவாங்க. பசங்க 13, 14ல. அந்த ஒரு வருஷத்துல மூணு இஞ்ச் சாதாரணம், நாலு இஞ்ச் வளர்ற பையனும் உண்டு. ஆனா எல்லாருக்கும் அந்த வருஷம் ஒண்ணா வராது. ஒரே எட்டாம் கிளாஸ்ல ஒருத்தன் மூணு இஞ்ச் ஏறியிருப்பான், பக்கத்துல இருக்கிறவன் ஒன்றரைதான்.

உயரம் மூணு இஞ்ச் ஏறினா பேண்ட் மூணு இஞ்ச் குறையாது. இடுப்புல இருந்து கீழ வரைக்கும் மொத்த உயரத்துல ஐந்துல மூணு பங்குன்னு வச்சுக்கங்க. அப்ப மூணு இஞ்ச் வளர்ச்சிக்கு பேண்ட்டுல ஒண்ணே முக்கால் இஞ்ச், மிஞ்சினா ரெண்டு. வேகமா வளர்ற வருஷத்துல கால்தான் முதல்ல நீளும், உடம்பு அப்புறம்தான் எட்டிப் பிடிக்கும். அதனால அந்தப் பசங்களுக்கு ரெண்டுன்னே வச்சுக்கலாம்.

ஒரு யோசனை. அளவு எடுக்கும்போது போன வருஷ பேண்ட்டைக் கொண்டுவரச் சொல்லுங்க. போன ஜூன்ல சரியா இருந்த பேண்ட் இந்த ஜூன்ல எவ்வளவு குறையுதுன்னு தெரிஞ்சுடும். அப்பா உயரத்தைப் பார்த்து அளவு விடுறவங்களை நான் பார்த்திருக்கேன். அப்பா எந்த வயசுல வளர்ந்தார்னு யாருக்குத் தெரியும்?

ஊசிக்காரன் (திண்டுக்கல்)

சார், அருமை. அப்படின்னா நான் விட்ட ரெண்டு இஞ்ச் சரிதான். மடிச்ச விதம்தான் தப்பா?

மதுரை மாஸ்டர்

மடிச்சதும் தப்பு, ஒரே தடவையில இறக்கினதும் தப்பு. ரெண்டையும் சொல்றேன்.

கீழ் சுத்து 14ன்னா கால் கீழ வர வரக் குறுகிட்டே வருது. முட்டியில 17 இருந்தா, நீளத்துல ஒரு இஞ்ச்சுக்கு சுத்துல கால் இஞ்ச்சுக்குக் கொஞ்சம் கம்மியாக் குறையும். மடிப்பை மூன்றரை மேல தூக்கும்போது அது போய் உட்கார வேண்டிய இடத்துல கால் சுத்து 14¾ இருக்கும். மடிக்கிற துணியை நீங்க நேரா வெட்டியிருந்தா அது 14தான். முக்கால் இஞ்ச் பத்தாது. மெஷின்ல இழுத்துப் பிடிச்சு அடிச்சிருப்பீங்க, அதனால கால் ஓரம் சுருங்கி, விளிம்பு ஒரு பக்கம் துருத்திட்டு நிக்கும். துருத்துற இடம் முதல்ல தேயும். ஒன்றரை இஞ்ச் மடிப்புல இது தெரியாது, மூன்றரையில கண்ணுல குத்தும்.

வெட்டும்போதே மடிப்புக் கோட்டுக்குக் கீழ துணியை வெளிப்பக்கமா விரிச்சு வெட்டணும். கண்ணாடியில பார்க்கிற மாதிரி, மேல எவ்வளவு விரியுதோ கீழயும் அவ்வளவு. முன்னும் பின்னும் ரெண்டு ரெண்டா நாலு ஓரம் இருக்கு, முக்கால் இஞ்ச்சைப் பிரிச்சா அடிமுனையில ஓரத்துக்கு ஒன்றரை நூல் வரும். அவ்வளவுதான். டிசம்பர்ல இறக்கும்போது அந்த விரிவு கொஞ்சம் வெளிய வரும், சைடைப் பிடிச்சு நேராக்கிக்கலாம். பிடிக்கிறது சுலபம், இல்லாத துணியை விடத்தான் முடியாது.

அடுத்தது, ஆறு மாசம் ஒரே விளிம்புல விட்டா அது தேயத்தான் செய்யும். காலாண்டு லீவுல முக்கால் இஞ்ச் இறக்குங்க, அரையாண்டுல இன்னொரு முக்கால். மூணு மாச விளிம்பு அவ்வளவு வெளுக்காது. மங்கின எல்லையும் ரெண்டு இடமாப் பிரிஞ்சு கண்ணுக்குத் தெரியாமப் போகும். நான் ஜூன் பில்லுலயே ரெண்டு இறக்கத்துக்கும் சேர்த்து ஒரு தொகை வாங்கிடுவேன். அப்பதான் காலாண்டுல கொண்டு வருவாங்க. இல்லைன்னா கணுக்கால் தெரியுற வரைக்கும் யாரும் வரமாட்டாங்க.

கோவை லேடீஸ் டெய்லர்

மாஸ்டர் சொன்னதுல ஒண்ணு மட்டும் ஒத்துக்கமாட்டேன். கீழ் மடிப்பை எதுல தைக்கிறதுன்னு நீங்க சொல்லவே இல்ல. மூணு மாசத்துக்கு ஒரு தடவை பிரிக்கணும்னா மெஷின் தையல் போடக் கூடாது, ஒவ்வொரு தடவையும் ஓட்டை வரிசை விழும். கை ஹெம்மிங்தான் போடணும், இஞ்ச்சுக்கு மூணு நாலு குத்து, வெளிய ஒரு இழை மட்டும் எடுத்து.

மதுரை மாஸ்டர்

பொம்பளைப் பிள்ளை பாவாடைக்குச் சரிம்மா. பையன் பேண்ட்டுக்குக் கை ஹெம்மிங் போட்டா, அவசரத்துல காலை உள்ளே விடும்போது கட்டை விரல் மடிப்புல மாட்டி ஒரே உதையில பிரிஞ்சிடும். திங்கக்கிழமை காலையில எட்டு மணிக்குக் கடை வாசல்ல நிப்பாங்க.

கோவை லேடீஸ் டெய்லர்

ரெண்டையும் சேருங்க. சைடு தையல், உள்கால் தையல் ரெண்டு இடத்துலயும் அந்த ஜாயிண்ட் பள்ளத்துலயே மடிப்போட சேர்த்து நேர்க்குத்தா ஒரு இஞ்ச் மெஷின்ல அடிச்சு நிறுத்துங்க. பள்ளத்துக்குள்ள இருக்கிறதால வெளிய தெரியாது. நடுவுல மட்டும் கை ஹெம்மிங். விரல் மாட்டினாலும் ஒரு பக்கம்தான் பிரியும், முழுசா தொங்காது. எங்க கடையில ரெண்டு வருஷமா இப்படித்தான்.

மதுரை மாஸ்டர்

கூலிக்குக் கட்டுமா? ஜூன்ல ஒரு நாளைக்கு இருபது பேண்ட் முடிக்கணும், ஹெம்மிங்குக்குத் தனியா ஆள் வேணும். எனக்கு மெஷின்தான். துணி கலருக்கு ஒத்த நூல் போட்டு, தையலைப் பெருசா வச்சு அடிச்சா பிரிக்கவும் சுலபம், ஓட்டையும் குறைவு. நீங்க செய்யுறது அழகு, நான் இல்லைங்கல.

பழைய பெல்பாட்டம் காலத்துல கீழ விளிம்புல ஜிப் வச்சுத் தைப்போம், ஞாபகம் இருக்கா? எல்லாரும் ஸ்டைலுக்குன்னு நினைப்பாங்க. தரையில இழுபடுற விளிம்பு தேயாம இருக்கவும் அது உதவுச்சு. அதே யோசனைதான், குதிகால் பக்கம் மட்டும் உள்ளே ஒரு நாடா வச்சு, விளிம்புக்கு ஒரு மயிரிழை வெளிய தெரியுற மாதிரி அடிங்க. உரசல் நாடா மேல விழும், துணி தப்பிக்கும். நாடா தேஞ்சா மாத்திக்கலாம்.

ஊசிக்காரன் (திண்டுக்கல்)

நாடா விஷயம் புதுசு, இந்தப் பதினெட்டுல ஆரம்பிக்கிறேன்.

ஆனா விட்டுத் தைக்கத் துணி வேணுமே. இங்க ஒரு ஸ்கூல்ல துணியை அவங்களே வெட்டிக் கட்டாக் குடுக்கிறாங்க, கிளாஸுக்கு ஒரே அளவு. குள்ளமான பையனுக்கு மிச்சம் வரும், நெட்டையான பையனுக்கு ஒரு இஞ்ச் மடிப்புக்கே இழுபறி. பெத்தவங்களுக்கு அது தெரியாது, டெய்லர் துணியை எடுத்துக்கிட்டான்னு பேச்சு.

கோவை லேடீஸ் டெய்லர்

வெட்டுறதுக்கு முன்னாடி அவங்க முன்னாலயே அளந்து பில்லுல எழுதுங்க. 58 இஞ்ச் அகலப் பன்னாவுல சின்னப் பையனுக்கு முன்னும் பின்னும் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்துடும். அதனால நீளத்துல ரெண்டு இஞ்ச் கூட விட்டா துணியிலயும் அஞ்சு சென்டிமீட்டர்தான் கூட. மீட்டர் 250 ரூபாய்னா பன்னிரண்டரை ரூபாய். கடையில துணி எடுக்கிறவங்களுக்கு இதைச் சொன்னா யாரும் மறுக்கமாட்டாங்க. கட்டுத் துணிக்கு வழி இல்ல. இடுப்புப் பட்டியோட உள்பக்கத்துக்கு வேற துணி போட்டு, மிச்சமாகிறதைக் கீழ குடுக்கலாம். அதுவும் பட்டி வெட்டுற இடத்தைப் பொறுத்தது.

யாழ் தையல்

எங்கட பக்கம் வேற பிரச்சினை. பெட்டையளுக்கு வெள்ளைச் சட்டை, அரசாங்கம் தாற வெள்ளைத் துணியில தைக்கிறது. வெள்ளையில வெளுப்புக் கோடு வராது, ஆனா மடிப்புக்குள்ள செம்மண் போய் இருந்து, இறக்கேக்க பழுப்பு வரியாத் தெரியும். மடிப்பை விரிச்சு, உள்பக்கத்தைப் பழைய பல்லு பிரஷ்ஷால தட்டி மண்ணை எடுத்துப்போட்டுத்தான் தண்ணியில போடுவன். முதலே தண்ணி பட்டா மண் சேறாகி நூலுக்குள்ள இறங்கிடும். கொட்டன் துணி எண்டால் வெட்ட முதல் ஒரு இரவு நனைச்சுக் காயவிடுவன். 40 இஞ்சியில ஒண்டரை இஞ்சி சுருங்கினதைக் கண்டிருக்கிறன். வளர எண்டு விட்டது முழுக்க முதல் தோய்ச்சலோட போயிடும்.

மூணு பிள்ளை அம்மா

என் கேள்வி அப்படியே நிக்குது 🙂

மதுரை மாஸ்டர்

மன்னிக்கணும்மா. ரெண்டு சைஸ் பெருசா வாங்காதீங்க. நீளத்தையும் சைடையும் பிடிக்கலாம், தோளைப் பிடிக்க முடியாது. தோள் இறங்கினா கழுத்து அகலும், கைக்குழி தொங்கும். எல்லாத்தையும் பிரிச்சுத் திரும்ப வெட்டணும், அதுக்குப் புதுசு தைச்சுடலாம். ஒரு சைஸ் பெருசு போதும்.

இன்னொண்ணு, ரெடிமேட்ல வளரும்போது விடலாம்னு நம்பாதீங்க. உள்ளே பிரிச்சுப் பாருங்க, ஓவர்லாக் போட்டு மூணு நூல் அளவுதான் துணி இருக்கும். அதுல விட ஒண்ணும் இல்ல. பசங்க பேண்ட்டும் அப்படித்தான். நாங்க தைச்சா பின்பக்க நடுத்தையல்ல இடுப்புகிட்ட பக்கத்துக்கு ஒரு இஞ்ச் கூட விட்டு, பட்டியையும் நடுவுல ஜாயிண்ட் வச்சுடுவோம். பிரிச்சா இடுப்பு ரெண்டு இஞ்ச் வரும். ரெடிமேட் பட்டி ஒரே துண்டு.

கோவை லேடீஸ் டெய்லர்

அக்கா, பினோஃபார்ம் தைக்கக் குடுத்தா ஒண்ணு கேட்டு வாங்குங்க. கீழ மடிப்புல நிறைய விடச் சொல்லாதீங்க. ப்ளீட் வச்ச பாவாடையில கீழ இறக்கினா ப்ளீட் மடிப்பு அந்த இடத்துல மட்டும் இருக்காது, கூடாரம் மாதிரி விரியும். மேல உடம்பும் பாவாடையும் சேர்ற இடுப்பு ஜாயிண்ட்ல ரெண்டு பக்கமும் ஒவ்வொரு இஞ்ச் உள்ளே விடச் சொல்லுங்க. நீளம் வேணும்னா அதைப் பிரிச்சு ரெண்டு இஞ்ச் இறக்கலாம். கீழ் விளிம்பைத் தொடவே வேண்டாம், வெள்ளைக் கோட்டுப் பேச்சே இல்ல. இடுப்புல பழைய தையல் ஓட்டை இருந்தாலும் பெல்ட் மறைச்சிடும். பிரிச்சு ஜிப்பைக் கழட்டி மாட்ட ஒரு மணி நேரம் ஆகும், கூலி கொஞ்சம் கூடக் கேட்பாங்க, குடுத்துடுங்க.

மூணு பிள்ளை அம்மா

இதை முன்னாடியே தெரிஞ்சிருந்தா பெரியவளோடது ரெண்டைத் தூக்கிப் போட்டிருக்கமாட்டேன். எங்க பாப்பா ஸ்கூல்ல பெல்ட் கிடையாது, அதுக்கு என்ன பண்றது?

ஊசிக்காரன் (திண்டுக்கல்)

அந்தப் பேண்ட்டை முடிச்சுட்டேன். குதிகால்ல ஒட்டு வச்சு, மெல்லிசா டக் பிடிச்சு, நாடா அடிச்சேன். ரெண்டு அடி தள்ளி நின்னு பார்த்தா டக் மட்டும்தான் தெரியுது. பக்கத்துல பார்த்தா டக்குக்குக் கீழ இன்னும் கறுப்பாத்தான் இருக்கு, துவைச்சாதான் சேரும். பையனோட அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்கேன், காசு வேண்டாம்னும் சொன்னேன். சாயங்காலம் வர்றதாச் சொன்னாங்க.

மாஸ்டர், மிச்சம் பதினெட்டுல ஏழு நேவி ப்ளூ. அதுல பிரஷ் போட்ட விளிம்பு வெள்ளையா இல்லாம செவப்படிச்சு இருக்கு. சாயம் மாதிரி வேற ஏதோ தெரியுது. ட்யூப்லைட்ல வெளிச்சம் வரலை. அது என்ன கணக்கு?